இலைக் கணக்கு ஒர்க்புக்: ஃபைல், ஷீட், வெர்ஷன் பேர் வைக்கிற ரூல்ஸ் (கேள்வி பதில்)

கட்டபெட்டு, அரவேணு, சோலூர்மட்டம், நெடுகுளா நாலு சென்டர்ல பச்சைத்தேயிலை எடை போடறவங்க, கோத்தகிரி ஆபீஸ்ல பேமெண்ட் பாக்கறவங்க எல்லாருக்கும். அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து நம்ம கூகுள் ஷீட்ஸ் ஒர்க்புக் எல்லாத்துக்கும் பேர் வைக்க ஒரே முறைதான். குரூப்ல போட்டதும் நிறைய பேர் கேள்வி கேட்டீங்க, தனித்தனியா பதில் சொன்னா ஒருத்தருக்கு சொன்னது இன்னொருத்தருக்கு தெரியாமலே போகும்னு எல்லாத்தையும் இங்க சேர்த்து எழுதியிருக்கேன்.

"சுருக்கமா சொல்லுங்க, என்னதான் ரூல்?"

தினமும் எண்ட்ரி போடற ஃபைல் ரெண்டே ரெண்டு. இலை எடைக்கு `leaf_fy2526`, பேமெண்டுக்கு `pay_fy2526`. இந்த ரெண்டு பேரும் வருஷம் முழுக்க மாறாது, அதுல வெர்ஷன் நம்பரும் வராது. உள்ள இருக்கற ஷீட் மாசத்துக்கு ஒண்ணு, `leaf_2025_06`, `pay_2025_06` இப்படி. எல்லாம் சின்ன இங்கிலீஷ் எழுத்து, நடுவுல அண்டர்ஸ்கோர், எங்கயும் ஸ்பேஸ் கிடையாது, வருஷம் முன்னாடி மாசம் பின்னாடி, மாசம் எப்பவும் ரெண்டு இலக்கம்.

வெர்ஷன் நம்பர்ங்கறது ஆபீஸை விட்டு வெளிய போற காப்பிக்கு மட்டும். பேங்குக்கோ ஆடிட்டருக்கோ உறுப்பினர்களுக்கோ அனுப்பறதுக்காக டவுன்லோடு பண்றோமே, அதுக்கு `pay_2025_06_v01.xlsx`, திருத்தி மறுபடி அனுப்பினா `v02`. அவ்வளவுதான், மீதி எல்லாம் இது ஏன்ங்கறதுக்கான விளக்கம்.

"பேர் எப்படி இருந்தா என்னங்க, உள்ள கணக்கு சரியா இருந்தா போதாதா?"

நாம மட்டும் படிக்கறதா இருந்தா போதும். ஆனா நம்ம ஃபைல்ல பேரைப் படிக்கறது நாம மட்டும் இல்ல, பார்முலாவும் படிக்குது. பேமெண்ட் ஃபைல்ல யாரும் எடையை கையால டைப் பண்றதில்ல, இலை ஃபைல்ல இருந்து இழுத்துக்குது. `pay_2025_06` ஷீட்ல B1ல இலை ஃபைலோட ஐடி இருக்கும் (அதாவது அட்ரஸ் பார்ல `/d/`க்கும் `/edit`க்கும் நடுவுல வர்ற நீள எழுத்து), B2ல ஷீட் பேர் இருக்கும், கீழ இந்த பார்முலா:

```
=IMPORTRANGE($B$1, $B$2&"!A2:F")
```

இதை நல்லா பாருங்க. ஃபைலை அது ஐடி வச்சு தேடுது, ஃபைல் பேரை அது பாக்கறதே இல்ல. ஷீட்டை மட்டும் பேர் வச்சு தேடுது, அந்த பேரும் வெறும் எழுத்தா எழுதி வச்சிருக்கற பேர். இந்த ரெண்டு வித்தியாசத்துல இருந்துதான் நம்ம ரூல்ஸ் எல்லாமே வந்திருக்கு.

ஒரே ஃபைலுக்குள்ள ஒரு ஷீட் இன்னொரு ஷீட்டைப் பாக்கற சாதாரண பார்முலான்னா நீங்க ஷீட் பேரை மாத்தினதும் அதுவும் தானா மாத்திக்கும், அதனால பேர் மாத்தறது ஆபத்தில்லாத வேலைன்னு நமக்கு பழகிடுச்சு. IMPORTRANGE அப்படி மாத்திக்காது, INDIRECTம் மாத்திக்காது. ஷெட்ல போன்ல இருக்கற ஒருத்தர் `leaf_2025_06`ஐ "ஜூன் இலை"ன்னு மாத்தினா அவங்க ஃபைல்ல ஒரு குறையும் தெரியாது, கோத்தகிரியில பேமெண்ட் ஷீட் முழுக்க `#REF!` ஆயிடும். மாத்தினவருக்கு அது தெரியவே தெரியாது, பாக்கறவருக்கு யார் என்ன பண்ணாங்கன்னு தெரியாது.

`#REF!` வந்தா அது நல்ல விஷயம்னுதான் நான் சொல்வேன், ஏன்னா தப்பு கண்ணுக்கு தெரியுது. அந்த கட்டத்து மேல மவுஸை வச்சா `Cannot find range or sheet for imported range`னு வரும், வந்தா உடனே ஷீட் பேரைப் பாருங்க, பேருக்கு கடைசியில ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கான்னும் பாருங்க, அது கண்ணுக்கு தெரியாது ஆனா பார்முலாவுக்கு அது வேற பேர்.

"நான் பயந்துட்டு ஒரிஜினலை தொடாம ஒரு காப்பி எடுத்துதான் திருத்தறேன், அது பாதுகாப்புதானே?"

இல்லைங்க, நம்ம அமைப்புல இதுதான் இருக்கறதிலேயே ஆபத்தான வேலை, அதனால இதை கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

`File > Make a copy` குடுத்தா புது ஃபைல் பொறக்குது, அதுக்கு புது ஐடி. பேமெண்ட் ஃபைல்ல B1ல இருக்கறது பழைய ஐடி. காப்பியில நீங்க எவ்வளவு திருத்தினாலும் பேமெண்டுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு பழைய ஃபைலைப் படிச்சிட்டு இருக்கும், எர்ரரும் வராது. பழைய ஃபைலோட வெர்ஷன் ஹிஸ்டரியும் காப்பிக்கு வராது, அதனால யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு பின்னாடி போய் பாக்கவும் முடியாது.

ஒரு கணக்கு போட்டே பாப்போம், எண்ணிக்கை எல்லாம் புரியறதுக்காக நானா போட்டது. கட்டபெட்டு சென்டர்ல ஜூன் மாசம் தண்ணிக் கழிவு போக மொத்தம் 4,000 கிலோ. 14ஆம் தேதி ஒரு உறுப்பினருக்கு 230ஐ 320னு போட்டுட்டாங்க, எடைச்சீட்டு புக்கை சரிபாக்கும்போது தெரிஞ்சுது. திருத்தறவர் ஒரிஜினலைத் தொட பயந்து காப்பி எடுத்து `leaf_fy2526 சரி பண்ணது`ன்னு பேர் வச்சு அதுல 230னு மாத்தறார். இப்ப காப்பியில மொத்தம் 3,910. பேமெண்ட் இன்னும் 4,000தான் படிக்குது. கிலோ 20.50 ரூபாய்னு வச்சா 82,000 ரூபாய் போகுது, போக வேண்டியது 80,155. 1,845 ரூபாய் ஒரே ஒருத்தர் கணக்குல அதிகமா ஏறுது, அதை அப்புறம் அவர்கிட்ட திருப்பிக் கேக்கறது எவ்வளவு சங்கடம்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இதோட நிக்கறதில்ல. காப்பி எடுத்த லிங்க்கை அவர் குரூப்ல போடறார், நெடுகுளா ஷெட்டுல அதைத் திறந்து அன்னைக்கு எடை எல்லாம் அதுல போடறாங்க, அரவேணுவுல வழக்கம் போல பழையதுல போடறாங்க. ரெண்டு நாள்ல ரெண்டு ஃபைல்லயும் பாதி பாதி உண்மை இருக்கும், எதை வச்சுக்கறது எதை தூக்கறதுன்னே சொல்ல முடியாது.

அதனால ஒரிஜினல்லயே திருத்துங்க, தைரியமா திருத்துங்க. திருத்தறதுக்கு முன்னாடி `File > Version history > Name current version` போய் `2025_06 14ஆம் தேதி திருத்தத்துக்கு முன்`னு ஒரு பேர் குடுங்க (இந்த பேரை எந்த பார்முலாவும் படிக்காது, அதனால தமிழ்ல தாராளமா எழுதலாம்). தப்பாப் போனா அங்க இருந்து திரும்ப எடுத்துக்கலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், `Restore` குடுத்தா முழு ஃபைலும் பின்னாடி போகும், அதுக்கப்புறம் மத்த சென்டர் போட்ட எண்ட்ரியும் சேர்ந்து போயிடும். அதனால ஒரு கட்டத்தை மட்டும் சரி பண்ணணும்னா பழைய வெர்ஷனைத் திறந்து நம்பரைப் பாத்துட்டு வந்து கையால மாத்திக்குங்க, ரெஸ்டோர் வேண்டாம்.

"ஏற்கனவே ரெண்டு காப்பி ஆயிடுச்சுன்னா எப்படி சேர்க்கறது?"

முதல்ல எதையும் டெலீட் பண்ணாதீங்க, பேரும் மாத்தாதீங்க. குரூப்ல சொல்லி ரெண்டுலயும் எண்ட்ரியை நிறுத்தச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலைதான்.

காப்பி ஃபைல்ல அந்த மாச ஷீட் மேல ரைட் கிளிக் பண்ணி `Copy to > Existing spreadsheet` குடுத்து ஒரிஜினல் `leaf_fy2526`ஐ தேர்ந்தெடுங்க. ஒரிஜினல்ல `Copy of leaf_2025_06`னு ஒரு ஷீட் வந்து நிக்கும். இப்ப ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கு, ஒரு காலி ஷீட்ல இந்த கணக்கைப் போட்டு எல்லா வரிக்கும் இழுத்து விடுங்க:

```
=leaf_2025_06!F2-'Copy of leaf_2025_06'!F2
```

நம்ம ஷீட்ல F காலம் நிகர எடை, எங்க பூஜ்யம் வரலையோ அங்கதான் வித்தியாசம். வித்தியாசம் இருக்கற வரியை எடைச்சீட்டு புக்கோட ஒத்துப் பாத்து எது சரியோ அதை `leaf_2025_06`ல போடுங்க, எந்த ஃபைல் கடைசியா மாறுச்சுங்கறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஒரு ஃபைல்ல நடுவுல ஒரு வரி கூட நுழைச்சிருந்தா அதுக்கு கீழ எல்லா வரியும் வித்தியாசம் காட்டும், பயப்படாதீங்க, ரெண்டு ஷீட்டையும் தேதி, உறுப்பினர் நம்பர் வரிசையில சார்ட் பண்ணி விடுபட்ட வரியை கண்டுபிடிச்சு சேர்த்துட்டு மறுபடி பாருங்க.

முடிஞ்சதும் வந்து நின்ன `Copy of` ஷீட்டை டெலீட் பண்ணுங்க, காப்பி ஃபைலை `old` ஃபோல்டருக்கு நகர்த்தி எல்லாருக்கும் வியூ மட்டும்னு பர்மிஷன் மாத்துங்க.

சிலர் வேற மாதிரி பண்ண நினைப்பாங்க, ஒரிஜினல் ஷீட்டை டெலீட் பண்ணிட்டு காப்பி ஷீட்டுக்கு அதே பேரை வச்சிடலாம்னு. அது வேண்டாம். பேமெண்ட் ஃபைல் பேரை வச்சு தேடறதால அது சரியா வரும், ஆனா அதே இலை ஃபைலுக்குள்ள `check` ஷீட்ல இருக்கற நேரடி பார்முலா எல்லாம் ஷீட்டை டெலீட் பண்ணின நிமிஷமே `#REF!` ஆயிடும், அப்புறம் அதே பேர்ல வேற ஷீட் வந்தாலும் அதை எல்லாம் கையால திரும்ப எழுதணும்.

"ஷீட் வரிசையை மாத்தலாமா? ஜூன் ஷீட்டை முன்னாடி இழுத்து வச்சா போன்ல திறக்க ஈஸியா இருக்கும்."

மாத்தலாம். நம்ம பார்முலாவுல ஷீட் பேர் எப்பவும் இருக்கு, அதனால வரிசை மாறினா ஒண்ணும் ஆகாது.

ஆனா நீங்களே புதுசா ஒரு IMPORTRANGE எழுதினா ஷீட் பேரை விட்டுடாதீங்க. வெறும் `"A2:F"`ன்னு போட்டாலும் அது வேலை செய்யும், முதல்ல இருக்கற ஷீட்டை எடுத்துக்கும், அதுதான் பிரச்சனையே. இன்னைக்கு முதல்ல ஜூன் இருக்கும், நாளைக்கு யாரோ ஜூலையை முன்னாடி இழுப்பாங்க, எர்ரர் இல்லாம வேற மாச எடை வந்து உக்காந்துக்கும்.

"ஜூன் மாசத்துக்கு JUN25னு வச்சா சின்னதா அழகா இருக்குமே?"

அது எக்செல்லுக்கு ஒரு கட்டத்தோட அட்ரஸ். எக்செல்ல காலம் A, B, Cன்னு ஆரம்பிச்சு XFD வரைக்கும் போகுது, நடுவுல JUNங்கற காலமும் இருக்கு, அதோட 25ஆவது வரிதான் JUN25. MAR25, APR25 எல்லாமே அப்படித்தான். ஷீட்டுக்கு அந்த பேரை வைக்க விடும், ஆனா பார்முலாவுல ஒவ்வொரு தடவையும் `'JUN25'!F2`ன்னு கோட் போட்டே எழுதணும். ஸ்பேஸோ ஹைஃபனோ இருக்கற பேருக்கும், நம்பர்ல ஆரம்பிக்கற பேருக்கும் இதே கதைதான். `leaf_2025_06`க்கு கோட் வேண்டாம், அதுக்காகத்தான் முன்னாடி ஒரு வார்த்தை, நடுவுல அண்டர்ஸ்கோர்.

இன்னொண்ணு, மாசப் பேர்ல ஆரம்பிச்சா வரிசைப்படுத்தும்போது ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர்னு வந்து நிக்கும். வருஷம், ரெண்டு இலக்க மாசம்னு இருந்தா தானா வரிசையா வரும்.

"2025-26னு வழக்கமா எழுதறதை ஏன் fy2526னு மாத்தினீங்க?"

மாசத்தோட குழம்பக் கூடாதுன்னுதான். 2025-26ஐ மாசம்னு யாரும் நினைக்க மாட்டாங்க, ஆனா பழைய ஃபோல்டர்ல `2011-12`ன்னு ஒரு ஃபைல் கிடக்கு, அது 2011 ஏப்ரல்ல இருந்து 2012 மார்ச் வரைக்குமான கணக்கா இல்ல 2011 டிசம்பர் கணக்கான்னு திறந்து பாக்காம சொல்ல முடியாது. `fy`ன்னு இருந்தா நிதியாண்டு, இல்லேன்னா மாசம்.

"ஏன் தமிழ்ல பேர் வைக்கக் கூடாது? எங்க ஷெட்ல இங்கிலீஷ் படிக்க கஷ்டப்படறவங்களும் இருக்காங்க."

இந்த கேள்வியை நான் ரொம்ப யோசிச்சேன், ஏன்னா ஃபைல் நம்ம ஆளுங்களுக்கு புரியணும். ஷீட்டுக்குள்ள எல்லாமே தமிழ்தான், காலம் தலைப்பு, உறுப்பினர் பேர், ஊர், குறிப்பு எல்லாம். முதல் வரியில பெரிய எழுத்துல "2025 ஜூன் மாத இலை எடை"ன்னு போட்டு ஃப்ரீஸ் பண்ணி வச்சிருக்கோம், போன்ல திறந்தாலும் அது மேலயே நிக்கும். (அதனால உங்க எண்ட்ரி ரெண்டாவது வரியில இருந்துதான்.) ஷீட் பேரும் ஃபைல் பேரும் மட்டும் இங்கிலீஷ் எழுத்து.

காரணம் இதுதான். கோத்தகிரின்னு எழுதறோம், அதுல "கோ"வை கம்ப்யூட்டர் ரெண்டு விதமா சேமிக்க முடியும். க எழுத்து கூட ஓகாரக் குறி ஒரே குறியா சேர்ந்து வரலாம், இல்ல ஏகாரக் குறி தனியா கால் தனியான்னு ரெண்டு குறியா வரலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். நேரா டைப் பண்ணா பெரும்பாலும் முதல் விதம்தான் வரும், பழைய எழுத்துருல இருந்து மாத்தினது, பிடிஎஃப்ல இருந்து காப்பி பண்ணதுன்னா ரெண்டாவது விதமா வரலாம். உங்களுக்கு சந்தேகம் இருந்தா ஒரு கட்டத்துல `=LEN(A1)` போட்டுப் பாருங்க, முதல் விதத்துல கோத்தகிரிக்கு 9 வரும், ரெண்டாவதுக்கு 10. கண்ணுக்கு ஒண்ணா தெரியற ரெண்டு பேர் பார்முலாவுக்கு வேற வேற பேரா ஆயிட்டா அதை கண்டுபிடிக்கறதுக்கு அரை நாள் போகும்.

அந்த 9ஐயும் கவனிச்சிருப்பீங்க, நமக்கு அது அஞ்சு எழுத்து. புள்ளி, கொம்பு, சுழி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுது. எக்செல்ல ஷீட் பேருக்கு 31 எழுத்துதான் வரம்பு, "கட்டபெட்டு ஜூன் மாத எடை"ன்னு வச்சாலே அதுல கிட்டத்தட்ட முக்கால்வாசி போயிடுது.

சென்டருக்கு சுருக்கம் வேணும்னா `ktb`, `arv`, `slm`, `ndg`. இது ஷீட் பேர்ல வராது, B காலத்துல வரும், சென்டருக்கு தனி ஷீட் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

"எந்தெந்த குறி போடக்கூடாது?"

எழுத்து, நம்பர், அண்டர்ஸ்கோர் இது மூணைத் தவிர எதுவும் வேண்டாம்னு வச்சுக்கிட்டா ஞாபகம் வச்சுக்க வேண்டியதே இல்ல. தெரிஞ்சுக்கணும்னா, எக்செல் ஷீட் பேர்ல `\ / ? * : [ ]` ஏழும் செல்லாது, விண்டோஸ் ஃபைல் பேர்ல `\ / : * ? " < > |` செல்லாது. கூகுள் டிரைவ்ல `06/2025`ன்னு ஃபைல் பேர் வைக்க விடும், டவுன்லோடு பண்ணும்போது அந்த சாய்வுக்கோடு வேற எழுத்தா மாறிடும், அப்ப டிரைவ்ல ஒரு பேர் கம்ப்யூட்டர்ல ஒரு பேர்.

"வெர்ஷன் நம்பர் எப்ப ஏறணும்? ஒரு கட்டம் மாத்தினாலே v02வா?"

இல்ல. வெளிய ஒருத்தர் கைக்கு போன காப்பி மாறினா மட்டும்தான் நம்பர் ஏறும். உள்ள நடக்கற திருத்தத்துக்கு வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கு.

நம்ம வேலையில ஒரு மாசக் கணக்கு ஒரே தடவையில முடியறதில்ல. முதல்ல அட்வான்ஸ் ரேட்ல ஒரு பேமெண்ட் போகுது, அப்புறம் நீலகிரி மாவட்டத்துக்கு பச்சைத்தேயிலை விலையை டீ போர்டு அறிவிக்குது, அது மாசம் முடிஞ்சப்புறம்தான் வரும், அதை வச்சு மீதி பேமெண்ட். அதனால திருத்தமே இல்லாத மாசத்துலகூட ரெண்டு வெர்ஷன் இருக்கும், இது தப்பு கிடையாது, கணக்கே அப்படித்தான்.

மேல சொன்ன அதே ஜூன் கணக்கையே எடுத்துக்குவோம், 230ஐ 320னு போட்டது இந்த தடவை ரொம்ப லேட்டாதான் தெரியுதுன்னு வச்சுக்குங்க. அட்வான்ஸ் 18 ரூபாய்னா 4,000 கிலோவுக்கு 72,000, பேங்குக்கு போற லிஸ்ட் `pay_2025_06_v01.xlsx`. விலை வந்து 20.50 ஆச்சுன்னா 82,000, `v02`. மீதி அனுப்பவேண்டியது 10,000. அதுக்கப்புறம் 90 கிலோ தப்பு தெரிஞ்சு 3,910 கிலோன்னு ஆகுது, 80,155, `v03`. மூணு ஃபைலும் `sent` ஃபோல்டர்லயே இருக்கணும். எடைச்சீட்டு புக்ல தப்பான சீட்டை கிழிச்சு எறியாம கேன்சல்னு எழுதி புக்லயே வைக்கறோமே, அதே மாதிரிதான் v01ம் v02ம். v03 வந்துடுச்சுன்னு v02வை யாராவது அழிச்சா, மீதி பேமெண்ட் எதை வச்சு போச்சுன்னு ஆடிட்டர் கேக்கும்போது காட்ட ஒண்ணும் இருக்காது.

ஒவ்வொரு நம்பருக்கும் `pay_fy2526`ல `log`ங்கற ஷீட்ல ஒரு வரி எழுதணும்: எந்த வெர்ஷன், எந்த தேதி, யாருக்கு போச்சு, மொத்த கிலோ, மொத்த ரூபாய், ஏன் மாறுச்சு. ஏன் மாறுச்சுங்கற இடத்துல வெறும் "திருத்தம்"னு எழுதினா அதனால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, "14ஆம் தேதி கட்டபெட்டு ஒரு எண்ட்ரி 320 இல்ல 230"ன்னு எழுதுங்க. கிலோவும் ரூபாயும் எழுதச் சொல்றது எதுக்குன்னா, யாராவது போன்ல கூப்பிட்டு "எங்கிட்ட இருக்கற லிஸ்ட்ல மொத்தம் 82,000ன்னு இருக்கே"ன்னு கேட்டா ஃபைலைத் திறக்காமலே அது v02, பழசுன்னு சொல்லிடலாம்.

"final, final2, correct final, இதெல்லாம் இனிமே இல்லையா?"

இல்ல. எது கடைசின்னு அனுப்பும்போது யாருக்கும் தெரியாது, விலை வந்ததும் இன்னொண்ணு வரும். நம்பர்ல பெரியது எதுவோ அதுதான் இப்போதைக்கு செல்லும்.

"நம்பர் எதுக்கு, தேதியே போட்டா போதாதா? ஏன் v1 இல்லாம v01?"

ஒரே நாள்ல ரெண்டு தடவை அனுப்பற நாள் வரும். அதுவும் இல்லாம தேதின்னா கணக்கு மாசமா, அனுப்பின தேதியா, திருத்தின தேதியான்னு மூணு அர்த்தம் வரும். பேர்ல மாசம் மட்டும், அனுப்பின தேதி `log`ல.

`v01`ங்கறது வரிசைக்காக. எழுத்தா வரிசைப்படுத்தினா v10 வந்து v2க்கு முன்னாடி நிக்கும். ஒரு மாசத்துக்கு பத்து வெர்ஷன் போகாதுன்னு நம்பறேன், இருந்தாலும் பழக்கம் ஒண்ணா இருக்கட்டும்.

"மாசம்தான் ஃபோல்டர் பேர்லயே இருக்கே, ஃபைல் பேர்ல வேற எதுக்கு?"

ஃபைல் மெயில்லயோ வாட்ஸ்அப்லயோ போகும்போது ஃபோல்டர் கூட போகாதுங்க. ஆடிட்டர் கம்ப்யூட்டர்ல `statement.xlsx`னு பன்னெண்டு ஃபைல் போய் விழும். இன்னொரு சிக்கலும் உண்டு, ஒரே பேர் இருக்கற ரெண்டு ஒர்க்புக்கை எக்செல் ஒரே நேரத்துல திறக்காது, வேற வேற ஃபோல்டர்ல இருந்தாலும் திறக்காது. மே மாசத்தையும் ஜூன் மாசத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னா ஒண்ணுக்கு பேர் மாத்தினாதான் முடியும், அப்படி அவங்க மாத்தின பேர் நமக்கு தெரியாது.

கூகுள் டிரைவ் இதுக்கு நேரெதிர், ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்தாலும் விட்டுடும். அதனால `leaf_fy2526`ன்னு ரெண்டு தெரிஞ்சா எதையும் திறந்து எண்ட்ரி போடாம எனக்கு சொல்லுங்க. எது நிஜம்னு நீங்களே பாக்கணும்னா அட்ரஸ் பார்ல இருக்கற ஐடியை பேமெண்ட் ஷீட் B1ல இருக்கறதோட ஒத்துப் பாருங்க, ஒத்துப் போறதுதான் நிஜம்.

"மழை நாள்ல சோலூர்மட்டத்துல சிக்னலே இருக்காது, நான் எக்செல்ல போட்டு சாயங்காலம் அப்லோடு பண்ணலாமா?"

அப்லோடு பண்ணா அது இன்னொரு ஃபைல், மேல காப்பிக்கு சொன்ன அத்தனையும் அப்படியே இதுக்கும் பொருந்தும். அதுக்கு பதிலா போன்ல ஷீட்ஸ் ஆப்ல `leaf_fy2526`க்கு ஆஃப்லைனை ஆன் பண்ணி வச்சுக்குங்க, சிக்னல் இருக்கும்போதே அதைப் பண்ணணும், சிக்னல் போனப்புறம் பண்ண முடியாது. அப்புறம் எண்ட்ரி போடுங்க, லைன் வந்ததும் அதே ஃபைல்ல போய் சேர்ந்துக்கும். உங்க சென்டருக்குன்னு ஒதுக்கின வரிகள்லயே போடுங்க, ஒரே கட்டத்துல ரெண்டு பேர் எழுதினா ஒருத்தரோடது போயிடும். அதுவும் முடியலேன்னா சீட்டு புக்ல எழுதி வச்சு சாயங்காலம் பாத்து போடுங்க, லேட்டானாலும் பரவால்ல, இன்னொரு ஃபைல் மட்டும் வேண்டாம்.

"புது மாச ஷீட் யார் ஆரம்பிக்கறது?"

ஆபீஸ்ல இருந்து நாங்களே மாசக் கடைசியில ஆரம்பிச்சிடுவோம். `template` ஷீட்டை டூப்ளிகேட் பண்ணி உடனே பேரை `leaf_2025_07`ன்னு மாத்துவோம். `Copy of template`னு ஒரு ஷீட் நிக்கறதைப் பாத்தீங்கன்னா அது இன்னும் தயார் ஆகலைன்னு அர்த்தம், அதுல போட்டுடாதீங்க. ஒண்ணாம் தேதி காலையில ஷீட் இல்லேன்னா போன் பண்ணுங்க, நீங்களா ஒண்ணு திறந்துக்க வேண்டாம்.

"பழைய வருஷத்து ஃபைல் எல்லாத்துக்கும் இப்ப பேர் மாத்தணுமா?"

வேண்டாம். முடிஞ்ச வருஷத்து ஷீட் பேரை மாத்தினா அதைப் படிச்சிட்டு இருக்கற ஏதோ ஒரு பழைய பார்முலா உடையும், அதை நாம ஆடிட் சமயத்துலதான் கண்டுபிடிப்போம். ஃபைல் பேரைத் தொட்டாலும், வெளிய அனுப்பின லெட்டர்ல பழைய பேர்தான் இருக்கும். `old` ஃபோல்டர்ல `index`னு ஒரு ஷீட் திறந்திருக்கேன், பழைய பேர் ஒரு கட்டத்துல, அது உண்மையில எந்த மாசம் எந்த வருஷம்ங்கறது பக்கத்து கட்டத்துல, லிங்க் அதுக்கு பக்கத்துல. உங்க சென்டர் ஃபைல் ஏதாவது தெரிஞ்சா ஒரு வரி சேர்த்து விடுங்க, அந்த `2011-12` ஃபைல் எதுன்னு தெரிஞ்சவங்க முதல்ல அதை எழுதுங்க.